எதை முதலில் ஓட்டுவது

ஊருக்குப் பணம் அனுப்பும் செயலி ஒன்றை எங்கள் குழு பார்த்துக்கொள்கிறது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கடைவீட்டு மாடியில் அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா முழுக்க விடுமுறைக் கூட்டம் நிறைந்திருக்கும். வாரத்தில் அதிகம் பேர் பணம் அனுப்புவதும் அன்றுதான். ஆகவே புது ரிலீஸ் வியாழன் இரவுக்குள் போய்விட வேண்டும். கடைசி பில்டு புதன் மாலை எங்கள் கைக்கு வரும். ரிக்ரெஷன் டெஸ்ட் முழுவதும் ஓடி முடிய ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் ஆகும். ஒரு பக் இரவு ஏழு மணிக்குச் சிக்கினால் டெவலப்பர் உட்கார்ந்து அன்றைக்கே சரிசெய்துவிடுவார். அதே பக் விடியற்காலை நாலு மணிக்குச் சிக்கினால், திருத்தி, மறுபடி பில்டு செய்து, மறுபடி ஒன்பது மணி நேரம் ஓட்ட வியாழன் போதாது. ஓடுகிற டெஸ்ட் அதேதான், சிக்குகிற பக்கும் அதேதான். எது முன்னால் ஓடியது என்பதில்தான் ஒரு வாரம் தப்புகிறது அல்லது போகிறது.

டெஸ்ட்களுக்கு எங்களிடம் ஒரு வரிசை ஏற்கெனவே இருந்தது. நான் சேருவதற்கு முன்பே யாரோ போட்டது. அதில் லாகின் டெஸ்ட்கள் ஏன் எப்போதும் உச்சியில் நிற்கின்றன என்று குழுவில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த வரிசையைப் போட்டவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்ட மூத்தவர். தேக்காவில் டீ குடிக்க வரச்சொல்லிக் கேட்டேன்.

“நான் ஒன்னும் புதுசா கண்டுபிடிக்கல தம்பி. போன தடவை எது விழுந்துச்சோ அதை மேல ஏத்துவேன், அவ்வளவுதான். இப்பல்லாம் pytest-லயே அது இருக்கே.”

“யார்கிட்ட கத்துக்கிட்டீங்க அண்ணா?”

“எனக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட. அவருக்கு யாருன்னு நீதான் தேடணும்.”

தேடினேன். அவர் சொன்னது இந்த ஒற்றை வரி:

```
pytest --ff
```

போன முறை தோற்ற டெஸ்ட்களை முதலில் ஓட்டு, பிறகு மற்றவற்றை ஓட்டு என்று பொருள். ஹோல்கர் கிரெக்கல் எழுதிய தனிச் செருகுநிரலாக இருந்த இந்த வசதி, 2015இல் வந்த pytest 2.8இல் மூலக் கருவிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அதற்கும் முன்னால், 2009இல், கென்ட் பெக் ‘ஜேயூனிட் மேக்ஸ்’ என்ற கருவியில் அண்மையில் தோற்றவற்றையும் சீக்கிரம் முடிபவற்றையும் முன்னால் தள்ளினார். 2002இல் ஜங்-மின் கிம், ஆடம் போர்ட்டர் இருவரும் இதையே கணக்காக எழுதினார்கள்: ஒவ்வொரு டெஸ்ட்டின் பழைய வரலாற்றுக்கும் மதிப்புக் கொடு, நேற்றையதற்கு அதிகம், பழையதற்குப் போகப்போகக் குறைவு.

இந்தக் கிளையைப் பின்தொடர்ந்தபோது லாகின் டெஸ்ட்கள் உச்சிக்குப் போன வழி புரிந்தது. அவற்றுக்கு ஓடிபி வர வேண்டும். சோதனைச் சர்வரில் ஓடிபி தாமதமானால் டெஸ்ட் தோற்கும், அடுத்த முறை தானே பாஸ் ஆகும். நிரலில் குற்றமே இல்லாமல் அடிக்கடி விழுகிற இப்படிப்பட்ட டெஸ்ட், வரலாற்றை மட்டும் பார்க்கும் முறையில் தகுதியில்லாமல் முதலிடம் பிடிக்கும். இதை விடப் பெரிய குறை ஒன்று உண்டு. நான் இதைத் தேடிக்கொண்டிருந்த வாரத்து ரிலீஸில் நாங்கள் மாற்றியிருந்தது கட்டணத்தை முழு சென்ட்டுக்குக் கொண்டுவரும் கணக்கை. அது எங்கள் வரிசைக்குத் தெரியவே தெரியாது. ‘எது அடிக்கடி தோற்கும்’ என்ற கேள்விக்கு மட்டுமே அதனிடம் பதில் இருந்தது. ‘இந்த மாற்றத்தால் எது தோற்கும்’ என்று முதலில் கேட்டவர் யார்? என் தேடல் அங்கே திரும்பியது.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். பின்னால் தேடப் போகிறவருக்கு உதவும். இந்தத் துறையின் மூலக் கட்டுரைகளில் இரண்டுக்கு எழுத்துப் பிசகாமல் ஒரே தலைப்பு. ஒன்று 2000இல் எல்பாம், மலிஷெவ்ஸ்கி, ராதர்மெல் மூவரும் எழுதியது. மற்றது 2001இல் ராதர்மெல், அன்ட்ச், சூ, ஹாரல்ட் நால்வரும் எழுதியது. ஒன்றை மேற்கோள் காட்டுகிறவர் மற்றதன் முடிவைச் சொல்லிவிடுவது எளிது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகுதான் எனக்கு வேண்டியது எதில் இருக்கிறது என்று பிடிபட்டது.

நால்வர் கட்டுரை தொடங்குவதே ஒரு நடைமுறை வலியில்தான். அவர்களோடு வேலை செய்த ஒரு தொழில் நிறுவனத்தில் சுமார் 20,000 வரி நிரல் ஒன்றின் டெஸ்ட் முழுவதும் ஓடி முடிய ஏழு வாரம் ஆனதாம். ஏழு வாரத்தின் கடைசி நாளில் பக் சிக்கினால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வரிசையின் தரத்தை அளக்க அவர்கள் ஏபிஎஃப்டி என்ற அளவு ஒன்றைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கையும் முதலில் பிடித்த டெஸ்ட் வரிசையில் எத்தனையாவது இடம் என்று பார்க்க வேண்டும். அந்த இடங்களின் கூட்டுத்தொகை TF, டெஸ்ட்கள் n, பக்குகள் m என்றால்:

```
APFD = 1 - TF/(n*m) + 1/(2*n)
```

அவர்கள் தரும் உதாரணத்தில் ஐந்து டெஸ்ட், பத்து பக். A இரண்டு பக்கைப் பிடிக்கும். B அந்த இரண்டோடு இன்னும் இரண்டைப் பிடிக்கும். C அவை நான்கையும் சேர்த்து ஏழைப் பிடிக்கும். D பிடிக்கும் ஒன்றும் A ஏற்கெனவே பிடித்ததுதான். மீதி மூன்றை E மட்டுமே பிடிக்கும். A, B, C, D, E என்று ஓட்டினால் இடங்களின் கூட்டு 30, அளவு 50 விழுக்காடு. C, E, B, A, D என்று மாற்றினால் கூட்டு 13 ஆகக் குறைந்து, அளவு 84 விழுக்காடாக ஏறுகிறது. இரண்டு வரிசையும் கடைசியில் அதே பத்தைத்தான் பிடிக்கின்றன. ஆனால் இரண்டாவதில் இரண்டு டெஸ்ட் முடிந்ததுமே பத்தும் கையில் இருக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எந்த டெஸ்ட் எந்தப் பக்கைப் பிடிக்கும் என்று ஓட்டுவதற்கு முன் யாருக்கும் தெரியாது. ஆகவே இந்த அளவு ரிலீஸ் முடிந்த பிறகு போடும் மதிப்பெண்தான். ஓட்டுவதற்கு முன் வரிசைப்படுத்த வேறு அடையாளம் ஏதாவது வேண்டும்.

இந்தக் கட்டுரையில்தான் ஒரு தெளிவான பிரிவினையையும் படித்தேன். இனி வரப்போகும் பல ரிலீஸ்களுக்குப் பொதுவாக நல்லதாக இருக்கும் வரிசை ஒன்று. இப்போது கையில் இருக்கும் இந்த ஒரு ரிலீஸுக்கு மட்டுமான வரிசை இன்னொன்று. முதலாவதை ஆற அமரப் போட்டு வைக்கலாம். இரண்டாவதைப் பில்டு வந்த பிறகுதான் போட முடியும், அதுவும் சில நிமிடங்களுக்குள். 2000இல் வந்த மூவர் கட்டுரை இரண்டாவது வகையை எடுத்துக்கொண்டது. எந்த வரி நிரலை எந்த டெஸ்ட் தொடுகிறது என்று பார்ப்பதற்குப் பதில் எந்த ஃபங்ஷனைத் தொடுகிறது என்ற அளவில் பார்த்தாலே பெரும்பயன் கிடைத்துவிடுகிறது என்பது அந்த வழியில் வந்த ஆய்வுகள் சொன்ன செய்தி. எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு இதுதான் வாசலைத் திறந்தது. வரிவரியாகப் பதிவெடுத்தால் டெஸ்ட் ஓடும் நேரமே நீண்டுவிடும்.

இன்னும் பின்னால் போனால் 1997. பெல்கோர் ஆய்வகத்தில் வாங், ஹோர்கன், லண்டன், ஹிரா அகர்வால் நால்வரும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்துக்காக எழுதப்பட்ட ஒரு சி நிரலை எடுத்துக்கொண்டார்கள். மாற்றத்தைத் தொடும் டெஸ்ட்களை முதலில் பிரித்தெடுத்தார்கள். பிறகு, புதிதாகத் தொடும் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து அவற்றை வரிசைப்படுத்தினார்கள். மாற்றத்திலிருந்து வரிசைக்குப் போகும் பாதையில் நான் கண்ட முதல் தெளிவான தடம் அதுதான்.

அதைப் பெரிய நிறுவனத்தின் அன்றாட வேலைக்குள் கொண்டுவந்தது 2002இல் மைக்ரோசாஃப்ட்டின் அமிதாப் ஸ்ரீவஸ்தவா, ஜெய் தியாகராஜன் இருவரும் எழுதிய எக்கெலான். ரோமில் நடந்த மாநாட்டுக் கட்டுரை. பழைய பில்டையும் புதிய பில்டையும் பைனரி அளவிலேயே துண்டு துண்டாக ஒப்பிட்டு, மாறியதையும் புதிதாக வந்ததையும் குறித்துக்கொள்ளும். அந்தத் துண்டுகளில் அதிகமானவற்றைத் தொடும் டெஸ்ட்டை முதலில் எடுக்கும். அது தொட்டவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, மீதியை அதிகம் தொடும் டெஸ்ட்டை அடுத்து எடுக்கும். தொட இனி எதுவும் மிச்சமில்லை என்றானதும் முதலிலிருந்து கழித்தலைத் தொடங்கும். புதிய துண்டுக்குப் பழைய பதிவு இருக்காதே? அதற்கு முன்னும் பின்னும் உள்ள துண்டுகளை ஒரு டெஸ்ட் தொட்டிருந்தால் இதையும் தொடும் என்று வைத்துக்கொள்ளும். 18 லட்சம் வரி நிரலுக்குச் சில நிமிடங்களில் வரிசை கிடைத்தது.

கழித்தல்தான் இதில் உயிர்நாடி. எங்கள் கட்டண ரிலீஸை வைத்தே சொல்கிறேன். மாறிய ஃபங்ஷன்கள் ஐந்து: கட்டணம், முழுமையாக்கல், மாற்றுவிகிதம், ரசீது, பணம் திரும்பல். சென்னைக்கு அனுப்பும் டெஸ்ட் முதல் மூன்றையும் தொடுகிறது. சலுகைக் கட்டண டெஸ்ட்டும் அதே மூன்றைத் தொடுகிறது. தோற்ற பரிமாற்ற டெஸ்ட், ரசீதையும் பணம் திரும்பலையும் தொடுகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மூன்று தொடும் இரண்டும் முன்னால் போய், தோற்ற பரிமாற்றம் கடைசியில் நிற்கும். கழித்துப் பார்த்தால் சென்னை டெஸ்ட் முடிந்ததும் சலுகை டெஸ்ட் புதிதாகத் தொட ஒன்றுமில்லை. ஆகவே தோற்ற பரிமாற்றம் இரண்டாமிடத்துக்கு வரும். அந்தப் புதன்கிழமை இப்படி வரிசைப்படுத்தி ஓட்டியபோது அந்த டெஸ்ட் இரண்டாமிடத்திலேயே விழுந்தது. திருப்பித்தரும் தொகையில் கட்டணத்தை முழுமையாக்காமல் கழித்திருந்தார்கள், ஒரு சென்ட் வித்தியாசம். பழைய வரிசையில் அந்த டெஸ்ட் நள்ளிரவு தாண்டித்தான் ஓடியிருக்கும்.

இப்படி இடம் மாற்றியதும் தோற்று, தனியாக ஓட்டினாலும் தோற்கும் டெஸ்ட்களும் வந்தன. முன்னால் ஓடிய டெஸ்ட் உருவாக்கிய கணக்கை அவை சத்தமில்லாமல் பயன்படுத்திக்கொண்டிருந்தன. பழைய வரிசையில் வைத்து ஓட்டியதும் பாஸ் ஆனதில் நோய் தெரிந்தது. அவற்றை இணைபிரியாத கட்டாக வைத்து, கட்டு முழுவதையும் சேர்த்து நகர்த்துகிறோம். ஓடிபி டெஸ்ட்கள், திரும்ப ஒருமுறை ஓட்டியும் தோற்றால்தான் தோல்வி என்று கணக்கில் ஏறும்.

எக்கெலானிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொரு பழக்கம், மாறியும் எந்த டெஸ்ட்டும் தொடாத பகுதிகளைத் தனியே அச்சடிப்பது. புதன் மாலை பில்டு வந்ததும் நான் முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான், ஏனென்றால் அங்கே எந்த வரிசையும் உதவாது, புது டெஸ்ட்தான் எழுத வேண்டும். அமைப்புக் கோப்பிலோ தரவுத்தள அட்டவணையிலோ நடந்த மாற்றம் ஃபங்ஷன் கணக்கில் சிக்காது. கட்டண விகிதம் அட்டவணையில் மாறும் வாரங்களில் மட்டும், மூத்தவரின் பழைய வரிசையை எடுத்து, லாகினைக் கீழே இறக்கிவிட்டு ஓட்டுகிறோம்.