பத்தாயிரம் பெண்களை எண்ணிப் பார்த்தேன்

போன மாதம் எங்கள் சித்தி மாமோகிராம் எடுத்துக்கொண்டார். கட்டி, வலி எதுவும் கிடையாது. ஐம்பது வயதாகிவிட்டதே என்று எடுத்ததுதான். ரிசல்ட் பாசிட்டிவ், மறு சோதனைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு வகுப்பில் போட்ட ஒரு கணக்கு ஞாபகம் வந்தது. டேவிட் எடி என்பவர் 1982-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கிச் சொல்கிறேன். நூறு பெண்களில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். நோய் இருப்பவர்களில் 80% பேருக்கு பாசிட்டிவ் வரும். நோய் இல்லாதவர்களிலும் 9.6% பேருக்குத் தப்பாக பாசிட்டிவ் வந்துவிடும். அப்படியானால் பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? மருத்துவர்களிலேயே பெரும்பாலானோர் 75% பக்கம் சொன்னார்களாம். பேயிஸ் தேற்றத்தில் போட்டால் வருவதோ 7.8% தான்!

சத்தியமாக நான் நம்பவில்லை. எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து, சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு ஆட்களை எண்ண ஆரம்பித்தேன். முதலில் நூறு பேரை எடுத்தேன். நோயாளி ஒருவர், அவரில் 80% என்றால் முக்கால் ஆளுக்கு மேல் வருகிறது! கூட்டம் பெரிதாக இருந்தால்தான் முழு ஆட்கள் கிடைப்பார்கள். எனவே பத்தாயிரம் பேர்.

நோய் உள்ளவர்கள் 100. அவர்களில் 80 பேருக்கு பாசிட்டிவ், 20 பேரைச் சோதனை தவறவிடுகிறது. நோய் இல்லாதவர்கள் 9,900. அவர்களில் சுமார் 950 பேருக்கு பாசிட்டிவ், 8,950 பேருக்கு நெகட்டிவ். நான்கையும் கூட்டினால் சரியாக 10,000. யாரும் விட்டுப்போகவில்லை.

இப்போது பாசிட்டிவ் வந்தவர்களை மட்டும் ஒரு பக்கம் நிற்க வைத்தால் 1,030 பேர். அதில் நோயாளிகள் 80. வகுத்தால் அதே 7.8%. சூத்திரம் சரிதான். அந்த 80% என்பது 100 நோயாளிகளுக்குள் எண்ணியது, நமக்கு வேண்டியது 1,030 பேருக்குள் எண்ணுவது. இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் என் குழப்பம்.

ஆனால் ஒன்று. இது எல்லோருக்கும் பொருந்தாது. கட்டி தெரிகிற பெண்களை மட்டும் எடுத்து, அவர்களில் 10% பேருக்கு நோய் என்று வைத்துக்கொண்டால், 800 பேர் சரியான பாசிட்டிவ், 864 பேர் தப்பான பாசிட்டிவ். வாய்ப்பு 48% ஆகிவிடும். சோதனை மாறவில்லை, கூட்டம்தான் மாறியது.

சித்தியிடம் நோட்டைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த 80 பேர்ல நான் இல்லைன்னு எப்படிடா சொல்ற?"

"சொல்ல முடியாது சித்தி. அதுக்குத்தான் மறு சோதனை. ஆனா 950 பேர் உங்க கூட அதே வரிசையில நிக்கறாங்க."

"சரி, சாப்பிட வா" என்றார்.