ஒரு நிமிஷத்தை 0.1 விநாடியா வெட்டின கதை

போன மாசம் எங்க காரைக்குடி பக்கத்து கிராம சுகாதாரச் செவிலியர்களுக்காக ஒரு ஆடியோ வகுப்பு பதிவு செஞ்சேன். குழந்தைக்கு நிமோனியா இருக்கான்னு மூச்சை எண்ணிக் கண்டுபிடிக்கிறது எப்படி, அதான் தலைப்பு. நைட் டியூட்டி முடிச்சு வந்து பேசினதால இடையில யோசிச்சது, தண்ணி குடிச்சது எல்லாம் சேர்ந்து 42 நிமிஷம்.

யாரு இவ்ளோ நேரம் கேப்பாங்க? Audacity-ன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல Effect மெனுவுக்குள்ள Truncate Silence. மௌனத்தை அதுவே தேடிப்பிடிச்சு வெட்டிடும். பேராசையில 0.2 விநாடிக்கு மேல இருக்கிற மௌனத்தை எல்லாம் 0.1 ஆக்குன்னு கொடுத்தேன். 42 நிமிஷம் 27 ஆயிடுச்சு. அப்படியே குரூப்புல அனுப்பிட்டேன்.

மறுநாள் ஒரு சிஸ்டர் போன். "டாக்டர், 'இப்ப எண்ண ஆரம்பிங்க'ன்னு சொன்னீங்க. மூச்சு விடுறதுக்குள்ள 'நிறுத்துங்க, எத்தனை வந்துச்சு'ன்னு கேக்குறீங்க. என் மடியில குழந்தை இருக்கு, நான் ஒண்ணு கூட எண்ணலையே?"

தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த இடத்துல நான் வாட்ச்சைப் பார்த்துக்கிட்டு முழுசா ஒரு நிமிஷம் பேசாம இருந்தேன். அதுதான் பாடமே. குழந்தையோட மூச்சு சீரா இருக்காது, வேகமா வரும், கொஞ்சம் நிக்கும், திரும்ப வரும். அதனால 10 விநாடி எண்ணி ஆறால பெருக்கக் கூடாது. 2 மாசத்துக்குள்ள 60, ஒரு வயசு வரை 50, அஞ்சு வயசு வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. முழு நிமிஷம் எண்ணினாத்தான் இந்தக் கணக்குக்கு அர்த்தம்.

அந்தப் பதிவை அழிச்சுட்டு உக்காந்து கேட்டேன். தப்பு அது ஒண்ணு மட்டும் இல்ல.

முதல்ல, வார்த்தைகள் கெட்டுப் போயிருந்துச்சு. "மூச்சு", "பத்து"ன்னு சொல்லும்போது ஒற்றெழுத்துல கொஞ்சம் குரல் நின்னு வரும். அழுத்திச் சொன்னா அந்த நிறுத்தம் இன்னும் நீளும். மென்பொருளுக்கு அது மௌனம். சில இடத்துல "பத்து" "பது" மாதிரி கேட்டுச்சு. கடைசி உகரமும் தணிஞ்சே ஒலிக்கும், அதுவும் போச்சு.

அடுத்து, நான் மூச்சு வாங்குற மாதிரி இருந்துச்சு. சும்மா இருக்கும்போது நிதானமா இழுக்கிற மூச்சை, பேசும்போது ஏறக்குறைய அரை விநாடியில டக்குன்னு இழுத்துக்குவோம், அடுத்த வாக்கியத்துக்குச் சற்று முன்னாடி. இந்த மென்பொருள் மௌனத்தோட நடுப்பகுதியை எடுத்துட்டு ரெண்டு ஓரத்தையும் ஒட்டுது. 0.1 விநாடி மிச்சம்னா ஓரத்துக்கு 0.05 தான். இழுத்த மூச்சோட வால் மட்டும் நிக்கும். கேக்குறவங்களுக்கு ஓடி வந்து பேசுற ஆள் மாதிரி இருக்கும்.

இரண்டாவது தடவை இப்படிப் பண்ணேன். எதை மௌனம்னு எடுத்துக்கணும்னு சொல்றது Threshold. டெசிபல்ல இருக்கும், மைனஸ் கூடக் கூட சத்தம் குறைவு. அதுல தானா இருந்த -20ஐ முதல் தடவை மாத்தாம விட்டதுதான் உகரத்தைத் தின்னது. பதிவுல நான் பேசாத இடத்தை ஓட்டி மீட்டரைப் பார்த்தேன். எங்க வீட்டு பேன் சத்தமே -42ல நின்னுச்சு. அதுக்குக் கீழ வெச்சா ஒரு மௌனமும் சிக்காது. ரொம்ப மேல போனா வார்த்தை சிதையும். -36 வெச்சேன். (பேனை நிறுத்திட்டுப் பேசியிருந்தா இன்னும் கீழ போயிருக்கலாம். காரைக்குடி மே மாசத்துல அது முடியுமா?)

Duration 1 விநாடி. அதுக்குக் குறைஞ்ச இடைவெளியைத் தொடவே தொடாது, ஒற்றெழுத்து தப்பிச்சுது. Truncate to 0.8. ஓரத்துக்கு 0.4 கிடைக்கிறதால இழுத்த மூச்சு பெரும்பாலும் முழுசா நிக்குது.

ஆனா அந்த ஒரு நிமிஷத்தை எந்த அளவு வெச்சாலும் காப்பாத்த முடியாது. தண்ணி குடிச்ச மௌனமும் எண்ணச் சொன்ன மௌனமும் மென்பொருளுக்கு ஒண்ணுதான். அதனால அலைவடிவத்துல தட்டையா நீளமா தெரியுற இடத்தை எல்லாம் முதல்ல நானே கேட்டேன். மொத்தம் ஒன்பது, அதுல வேணும்னே விட்டது ரெண்டு. அதைத் தவிர்த்து, மீதியைத் துண்டு துண்டா செலக்ட் பண்ணி வெட்டினேன். கடைசித் துண்டுல இருந்து முன்னாடி வரணும். முதல்ல இருந்து வெட்டினா பின்னாடி நேரமெல்லாம் நகர்ந்துடும், குறிச்சு வெச்சது உதவாது.

34 நிமிஷம் வந்துச்சு. 27 இல்ல, பரவாயில்ல. முதல்ல அந்த சிஸ்டருக்குத்தான் அனுப்பினேன். சாயந்திரம் பதில்: "முழுசா எண்ணினேன் டாக்டர். ஏழு மாசக் குழந்தை. 54 வருது. நாளைக்கு ஓபிக்கு வரச் சொல்லவா?"

இன்னிக்கே வரச் சொன்னேன்.