வாய்பேசாத பேசும் படம்

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு 56 ஆண்டுகளுக்குப் பின், 1987இல், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ஒரு படத்தில் உரையாடலே இல்லை. அதற்குத் தமிழில் ‘பேசும் படம்’ என்று பெயரிட்டனர். அது ஊமைப்படம் அன்று. இசையும் தெருவின் ஓசையும் அதில் உண்டு. பேச்சு மட்டுமே இல்லை.

கமல்ஹாசன் ஏற்ற நாயகன் வேலையற்ற ஏழை இளைஞன். அவன் தங்கியிருக்கும் சிற்றறை ஒரு திரையரங்கை ஒட்டியுள்ளது. அங்கு ஓடும் படத்தின் சண்டை இரைச்சல் இரவெல்லாம் சுவரைத் துளைத்து வரும். ஒருநாள், மதுமயக்கத்தில் தெருவில் கிடக்கும் செல்வந்தர் ஒருவரைத் தன் அறையில் அடைத்துவைத்து, அவருடைய சாவியுடன் நட்சத்திர விடுதிக்குச் செல்கிறான். மென்மையான மெத்தை, குளிர்ந்த காற்று, முழுமையான அமைதி. ஆயினும் உறக்கம் வரவில்லை. பழைய இடத்தின் இரைச்சலை ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து வந்து, விடுதியில் ஒலிக்கவிடுகிறான். உடனே உறங்கிப்போகிறான்.

‘சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது’ என்று அவன் ஒரு வரி பேசியிருந்தால் செய்தி முடிந்திருக்கும். இங்கோ, காரணத்தைப் பார்வையாளரே கண்டறிகிறார். அவர் கண்டறிய வேண்டுமாயின், அந்த இரைச்சலை அவர் முன்னரே கேட்டிருக்க வேண்டும். முதலில் அதை விதைக்காமல் விட்டிருந்தால், ஒலிப்பதிவுக் கருவி அவருக்குப் புதிராகவே நின்றிருக்கும். சொல்லற்ற கதையில் விளக்கம் பின்னால் வர இயலாது. அது முன்னரே காட்சியாக வந்திருக்க வேண்டும். அந்த உறக்கம் நகைப்பை மட்டும் தருவதில்லை. செல்வனின் படுக்கையைக் கைப்பற்றியவனால் தன் செவியை மாற்றிக்கொள்ள இயலவில்லை என்பதையும் அது உணர்த்துகிறது.

இவ்வகைப் படத்திற்கு ஓர் இடர் உண்டு. பேசியே ஆகவேண்டிய இடத்தில் பாத்திரங்கள் வாய்மூடி நின்றால், அது வித்தையாகத் தோன்றிவிடும். ஆகவே, நாயகனும் அமலா ஏற்ற நாயகியும் குரல் எட்டாத தொலைவில் நின்று சைகையால் பழகும் காட்சிகளை இயக்குநர் அமைத்தார். அங்கே சைகை இயல்பாகிறது.

இறுதியில் நாயகி, தன் முகவரி எழுதிய தாளை ரோஜாவுடன் சேர்த்து அவனை நோக்கி எறிகிறாள். தாள் காற்றில் பறந்து சாக்கடையில் விழுகிறது. மலர் மட்டும் அவன் கையில் எஞ்சுகிறது. அவனுக்கென எழுதப்பட்ட அச்சொற்களை அவனால் படிக்க முடியவில்லை. பார்வையாளருக்கும் அந்த இழப்பை எவரும் எடுத்துரைப்பதில்லை. கையிலுள்ள மலரே அதைச் சொல்லிவிடுகிறது.