‘இல்லை’ என்று எழுதும் முன்

திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பவர் கடைசியில் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தேடியது இருக்கிறது, அல்லது இல்லை. இவ்விரண்டுக்கும் தேவைப்படும் உழைப்பு ஒன்றல்ல. இருக்கிறது என்று சொல்ல, லென்ஸுக்குள் வரும் ஒரே ஒரு வட்டம் போதும். இல்லை என்பதோ ஸ்லைடு முழுவதையும் பற்றிய கூற்று. பார்க்காமல் விட்ட ஒரு மூலை அதைப் பொய்யாக்கிவிடும். பயிற்சிக்கு வருபவர்கள் நுண்ணோக்கியின் திறமை முழுவதும் பெரிதாக்கிக் காட்டுவதில் இருப்பதாக நினைக்கிறார்கள். திசுவியலில் அதைவிட முக்கியமானது பரப்பு என்பது என் வாதம். எந்த லென்ஸைப் போடுவது, எப்படி ஃபோகஸ் செய்வது, ஸ்லைடை எந்த ஒழுங்கில் நகர்த்துவது ஆகிய மூன்றையும் அந்தப் பரப்பை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவையில் அக்குளிலிருந்து எடுத்த ஒரு நிணநீர்க் கணுவை எடுத்துக்கொள்வோம். ஹீமடாக்ஸிலின்–ஈயோசின் சாயமிட்ட வெட்டு, 15 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். தேட வேண்டியது அதற்குள் வந்து குடியேறிய புற்றுச் செல்களின் திட்டு. 0.2 மி.மீ.க்கு மேல் 2 மி.மீ. வரை இருந்தால் அது நுண்பரவல்; 2 மி.மீ.யைத் தாண்டினால் பெரும்பரவல். இப்போது லென்ஸுக்கு வருவோம். ஐபீஸில் காட்சி எண் 20 என்று இருந்தால், அதை ஆப்ஜெக்டிவின் எண்ணால் வகுத்தால் கண்ணில் படும் வட்டத்தின் விட்டம் கிடைக்கும்: 4-இல் 5 மி.மீ., 10-இல் 2 மி.மீ., 40-இல் அரை மி.மீ. நம் கணுவின் பரப்பை நிரப்ப 40-இல் எழுநூற்றுக்கும் மேற்பட்ட வட்டங்கள் வேண்டும். 10-இல் சுமார் ஐம்பது போதும். 10-ஐ விட்டு 40-க்குப் போகும்போது நான்கு மடங்கு பெரிதாகிறது. ஒரே பார்வையில் அகப்படும் பரப்போ பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. எழுநூறு வட்டங்களை ஒன்றுவிடாமல் பார்த்ததாக யாராலும் உறுதி கூற முடியாது.

அப்படியானால் 4-இலேயே தேடலாமே என்று கேட்கலாம். 0.2 மி.மீ. திட்டு அங்கே, 10 மடங்கு ஐபீஸோடு சேர்த்து, எட்டு மி.மீ. அகலப் பொருள்போலத் தெரியும், அளவு போதுமானதுதான். ஆனால் சாதாரண 4 ஆப்ஜெக்டிவ் மூன்று மைக்ரானைவிட நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. நிணசெல்லின் உட்கரு அங்கே வெறும் நீலப் புள்ளி. வெளிறிய ஒரு திட்டு தெரிந்தாலும் அது புற்றா, முளைமையமா, கணுவின் சைனஸில் கூடிய ஹிஸ்டியோசைட் கூட்டமா என்று சொல்ல முடியாது. 10-இல் அந்த எல்லை ஒன்றரை மைக்ரானுக்குள் வந்துவிடுகிறது. இருபது மைக்ரான் அகலமுள்ள புற்றுச் செல் சுற்றியிருக்கும் நிணசெல்களிலிருந்து தனித்துத் தெரியும். ஆகவே இந்த வேலையில் 4 வரைபடத்துக்கு, 10 தேடலுக்கு, 40 எழுந்த சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு.

ஃபோகஸ் செய்வதும் இதே கணக்கில் வருகிறது. வெட்டின் தடிமன் மூன்று, நான்கு மைக்ரான். குறைந்த லென்ஸ்களில் அதன் முழு ஆழமும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிகிறது. 40-இல் ஏறக்குறைய ஒரு மைக்ரான் ஆழம்தான் தெளிவாக இருக்கும். எனவே 40-இல் இருக்கும்வரை நுண்திருகிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. மேலும் கீழும் மெல்லத் திருப்பிக்கொண்டே பார்க்க வேண்டும். 4-இலும் 10-இலும் நன்றாகத் தெரிந்த ஸ்லைடு 40-இல் மட்டும் எவ்வளவு திருகியும் தெளியவில்லையா? ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண 40 லென்ஸ் திசுவை அரை மி.மீ. அளவுக்கு நெருங்க வேண்டும், ஒரு மி.மீ. தடிமனுள்ள ஸ்லைடுக் கண்ணாடி குறுக்கே நின்றால் முடியாது. 0.17 மி.மீ. கவர்ஸ்லிப்தான் அதற்கு ஏற்றது. வெளிச்சத்தைக் குறைக்க ஐரிஸை மூடும் பழக்கமும் கெடுதல். மூடினால் விளிம்புகள் கூர்மையாகத் தோன்றும், ஆனால் பிரித்துக் காட்டும் திறன் போய்விடும். வெளிச்சத்தை விளக்கின் குமிழில் குறையுங்கள். ஐரிஸை லென்ஸ் துளையின் முக்கால் அளவுக்குத் திறந்து வையுங்கள்.

இனி நகர்த்துவது. முதலில் 4-இல் கணுவின் உருவத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: உறை எங்கே, வெட்டு எங்கே மடிந்திருக்கிறது, தனியே கிடக்கும் துணுக்கு ஏதாவது உண்டா. பிறகு 10-க்கு மாறி, உறையின் உட்புறமாக ஒரு சுற்று வரலாம். நிணநீர் உறையைத் துளைத்து உள்ளே வருவதால், புற்றுச் செல்கள் பெரும்பாலும் முதலில் அந்த ஓரச் சைனஸில்தான் தங்குகின்றன. அதன்பின் ஏர் உழுவதுபோல இடமிருந்து வலம் போய், ஒரு சால் இறங்கி, வலமிருந்து இடம் திரும்ப வேண்டும். எவ்வளவு இறங்குவது? வட்டத்தின் விட்டம் 2 மி.மீ. என்பதற்காக 2 மி.மீ. இறங்கினால் தவறு. வட்டத்தின் மேல் விளிம்பைத் தொட்டுச் செல்லும் பொருள் ஒரு கணம்தான் கண்ணில் படும். ஸ்டேஜின் வெர்னியரைப் பார்த்து 1.5 மி.மீ. இறங்கினால், இரு சால்களுக்கு நடுவே விழும் பொருளும் ஒரு மி.மீ.க்கு மேற்பட்ட நகர்வின்போது பார்வைக்குள் இருக்கும், அதுவும் இரண்டு முறை. 10 மி.மீ. அகலமுள்ள கணுவுக்கு ஏழு சால் ஆகும். சந்தேகமான இடம் வந்தால் 40-க்குப் போய், செல்கள் ஒட்டிக்கொண்டு கூட்டமாக நிற்கின்றனவா, உட்கரு பெருத்து ஒழுங்கற்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். புற்று கிடைத்தால் ஸ்லைடில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு மீதிச் சால்களையும் முடிக்க வேண்டும். கிடைத்த முதல் திட்டு 1 மி.மீ. என்றால், ஐந்தாம் சாலில் 3 மி.மீ. திட்டு காத்திருக்கலாம், அறிக்கையில் வகையே மாறிவிடும்.

அனுபவமுள்ளவர்கள் இப்படியெல்லாம் சால் போடுவதில்லை, அவர்கள் கண் நேராகக் குறையுள்ள இடத்துக்குப் போய்விடுகிறது என்பது வலுவான மறுப்பு. உண்மைதான், பெரிய திட்டைக் கண்டுபிடிப்பதில் பழகிய கண்ணின் வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் அந்த வேகம் ‘இருக்கிறது’ என்ற பதிலுக்குத்தான் உதவுகிறது. எதுவும் கண்ணை இழுக்காத ஸ்லைடில், எதுவும் இல்லாததால் இழுக்கவில்லையா, அந்தப் பக்கம் போகாததால் இழுக்கவில்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. வெர்னியர் எண்களால் சொல்ல முடியும்.

இன்னொரு மறுப்புக்கு நான் பாதி இணங்குகிறேன்: எவ்வளவு ஒழுங்காகப் பார்த்தாலும் சில தப்பும். லோபுலார் வகைப் புற்றின் செல்கள் சிறியவை, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே சிதறுபவை. நிணசெல்களுக்கும் ஹிஸ்டியோசைட்டுகளுக்கும் நடுவே 10-இல் மறைந்துவிடும். அங்கே சைட்டோகெரட்டின் சாயம் வேண்டும். கணுவை 2 மி.மீ. துண்டுகளாக நறுக்குகிறோம், நாம் பார்ப்பது ஒவ்வொரு துண்டிலிருந்தும் சில மைக்ரான். இடையில் கிடக்கும் நுண்பரவல் ஸ்லைடுக்கே வராமல் போகலாம். இந்த இரண்டையும் சால் போட்டுத் தீர்க்க முடியாது. ஸ்லைடுக்கு வந்துவிட்டதைத் தவறவிடாமல் இருப்பது மட்டுமே பார்ப்பவர் கையில் உள்ளது.

நீங்கள் உட்காரும் நுண்ணோக்கியின் ஐபீஸில் 18, 20, 22 என்று ஏதோ ஓர் எண் பொறித்திருக்கும். அடுத்த ஸ்லைடை வைப்பதற்கு முன் அதைப் பார்த்து, உங்கள் 10 ஆப்ஜெக்டிவின் வட்டம் எத்தனை மி.மீ. என்று வகுத்து, ஸ்டேஜின் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.