அந்தக் காசு எங்கட இல்லை

ஜூலை மாதக் கடைசியில் எங்கள் நாலு பேருக்கும் ஒரே மாதிரியான நீள உறை வந்தது. கந்தோரில் நீள உறை என்றால் எல்லாருக்கும் வயிறு கலங்கும். "வேலையால நிப்பாட்டப் போறாங்கள் போல" என்றுதான் முதல் நினைத்தோம்.

விசயம் வேறு. ஜனவரியில் எங்கள் அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாவில் இருந்து 65,000 ஆகியிருக்க வேண்டும். கணினியில் சம்பள உயர்வை இரண்டு தரம் பதிந்திருக்கிறார்கள். ஜூன் வரைக்கும் 70,000 என்றே கணக்குப் போட்டுச் சம்பளம் வந்திருக்கிறது. மாதம் 5,000 ப்படி ஆறு மாதத்துக்கு 30,000 கூட.

கடிதம் பதமாகத்தான் எழுதப்பட்டிருந்தது. பிழை முழுவதும் நிருவாகத்தினுடையது என்று முதல் பந்தியிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். செப்ரெம்பரில் இருந்து மாதம் 2,500 ப்படி 12 மாதம் கழிப்பதாகவும், வட்டி இல்லை என்றும், இந்தத் தொகை கஷ்டம் என்றால் இரண்டு கிழமைக்குள் வந்து கதைக்கலாம் என்றும் இருந்தது. கீழே சம்மதக் கையெழுத்துக்கு ஒரு கோடு.

எங்களுக்கு முதல் வந்தது கோபம். "அவையின்ர பிழைக்கு நாங்கள் ஏன் கட்டவேணும்?" அந்தக் காசு வீட்டு வாடகைக்கும் தம்பியின் ரியூசனுக்கும் எப்பவோ போய்விட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால், ஜனவரிச் சம்பளச் சீட்டில் 70,000 என்று இருந்ததை நாங்கள் பார்த்தனாங்கள். உயர்வுக் கடிதத்தில் 65,000 என்று இருந்ததும் தெரியும். "கேட்டால் எடுத்துப்போடுவாங்கள்" என்று ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அதை ஒத்துக்கொண்ட பிறகுதான் கோபம் அடங்கி, கணக்கைப் பார்க்கத் தொடங்கினோம்.

ஆறு சம்பளச் சீட்டையும் மேசையில் பரப்பினோம். கூடுதலாகப் பதியப்பட்டது 5,000. ஆனால் அதில் எட்டு வீதம், அதாவது 400 ரூபா, மாதாமாதம் எங்கட பங்காக ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிபட்டிருக்கிறது. கைக்கு வந்தது 4,600 தான். ஆறு மாதத்துக்கு 27,600. கடிதமோ 30,000 கேட்டது. 2,400 ரூபா வித்தியாசம்.

கணக்குப் பிரிவு அக்காவிடம் போனோம். "அந்த 2,400 உங்கட பேரிலதானே நிதியில கிடக்கு" என்றா. "கிடக்கு அக்கா, ஆனா இப்ப எங்கட கைக்கு வராது. வராத காசை எப்பிடித் திருப்பித் தாறது?" கொஞ்சநேரம் கல்குலேற்றரைத் தட்டிப் பார்த்தா. பிறகு நிதிக்குப் போன பகுதியைத் தாங்கள் தனியாகச் சரிப்படுத்துவதாகச் சொல்லி, கடிதத்தைத் திருத்தித் தந்தா. மாதம் 2,300, 12 மாதம், மொத்தம் 27,600.

எங்களில் ஒருத்தி மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் கட்டுகிறாள். அவளுக்கு 2,300 கூடப் பாரம். கேட்க வெட்கப்பட்டவளைத் தள்ளிக்கொண்டு போனோம். மாதம் 1,150 ப்படி 24 மாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கடிதத்தில் "வந்து கதைக்கலாம்" என்ற வரி சும்மா மரியாதைக்குப் போட்டதில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

இடையில் வேலையை விட்டால் மிச்சத்தை என்ன செய்வது என்று முதற் கடிதத்தில் இல்லை. அதையும் கேட்டு ஒரு வரி சேர்ப்பித்தோம். மிச்சத்தைக் கடைசிச் சம்பளத்தில் முழுக்கப் பிடிக்காமல், பேசித் தீர்மானிப்பது என்று. அதுக்குப் பிறகுதான் கையெழுத்து.

செப்ரெம்பர்ச் சீட்டில் திரும்பவும் ஒரு சறுக்கல். எங்கள் மூன்று பேரின் சீட்டிலும் அடிப்படைச் சம்பளமே 62,700 என்று இருந்தது. கழிக்க வேண்டிய 2,300 ஐ தனி வரியில் காட்டாமல், சம்பளத்தையே குறைத்துவிட்டார்கள். கழிவு வேறு, சம்பளம் குறைவது வேறு. அடிப்படை குறைந்தால் சேமலாப நிதிக்கு நிருவாகம் போடும் 12 வீதமும் குறையும். 65,000 க்கு அது 7,800. 62,700 க்கு 7,524. மாதம் 276 ரூபா எங்களுக்கு நட்டம். அக்காவிடம் காட்டின உடனேயே "ஐயோ, அது என்ர பிழை" என்று மாற்றினா. அக்ரோபரில் அடிப்படை 65,000 என்றும், கழிவுகளின் கீழே "மேலதிகக் கொடுப்பனவு மீளறவீடு 2,300" என்றும் தனி வரி வந்தது. செப்ரெம்பரில் நிதிக்குக் குறைந்ததையும் சேர்த்துப் போட்டார்கள்.

இப்ப ஒவ்வொரு மாதமும் அந்த வரியைப் பார்த்து, மிச்சம் எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வைக்கிறோம். கூட வந்தாலும் குறைய வந்தாலும் அண்டைக்கே போய்ச் சொல்லுறது என்றும் முடிவு. ஜனவரியில் சொல்லியிருந்தால் கழிவு ஒரே மாதத்தில், 4,600 உடன் முடிந்திருக்கும்.