எட்டரைக்கு அணையும் டியூப்லைட்

திங்கள்
சிறுசேரியிலிருந்து கம்பெனி பஸ் மேடவாக்கம் வந்து சேர மணி 8. கால் மணி கழித்து அவர் வந்தார். அதற்குமேல் பையனைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஆட்டம், சோறு, குளியல். தூங்க 10.30. காலையில் 6.30க்கு எழுப்பியாக வேண்டும். இரவில் 8 மணி நேரம், காப்பகத்தில் மதியம் 2. ஆக மொத்தம் 10. இரண்டு வயதுக்குக் குறைந்தது 11 வேண்டும் என்றார் டாக்டர். “பத்து மணிக்கு அப்படி ஓடுறானே!” என்றேன். “அது தெம்பு இல்லம்மா, அசதி. தூக்கம் வர்ற நேரத்தைத் தாண்டிட்டா அப்படித்தான் துள்ளுவாங்க.” கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடுவதை நானும்தான் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்
காப்பகத்து ஆயாவிடம் கேட்டேன். மதியம் 2.30க்குப் படுத்து 4.30க்கு எழுகிறானாம். அப்புறம் ஒன்பதுக்குப் படுக்க வைத்தாலும் எப்படித் தூக்கம் வரும்? “சாப்பிட்டதும் பன்னிரண்டரைக்கே படுக்க வெச்சிடறேம்மா” என்றார். அங்கே பாதிக் கணக்கு தீர்ந்தது.

புதன்
அத்தை ஏழு மணிக்கே சோறு ஊட்டி, நாங்கள் வருவதற்குள் குளிப்பாட்டியும் விடுகிறேன் என்றார். எனக்கு முகம் சுருங்கியது. நாள் முழுக்க விட்டுவிட்டுப் போகிறவளுக்கு அந்த ஒரு வாய் ஊட்டுவதுதானே மிச்சம்! ஆனால் அவன் விழித்துக் கிடந்தது பசியால் அல்ல, என் குற்ற உணர்ச்சிக்காக. ஒத்துக்கொண்டேன்.

வியாழன்
ஒரேயடியாக ஒன்பதுக்குப் படுக்க வைத்தால் முரண்டு பிடிப்பான், படுக்கையைக் கண்டாலே அழுவான். அதனால் இன்று 10.15. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி முன்னால். எட்டரைக்கு டியூப்லைட், டிவி இரண்டும் அணையும், மூலையில் சிறிய மஞ்சள் விளக்கு மட்டும். பளீர் வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். அவருடைய ஆட்டத்தை இன்று முதல் காலை 6.30க்கு மாற்றினோம். தூக்கக் கலக்கத்தில் முறைத்தான்.

ஞாயிறு
நேற்று தாம்பரத்தில் ஒரு வரவேற்பு. திரும்பும்போது ஏழரைக்கு ஆட்டோவில் என் தோளில் பத்தே நிமிஷம் அசந்துவிட்டான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஈடாக இரவு 11 வரை விழித்திருந்தான். கண்ணயர்ந்தால் தேங்கிய தூக்கம் கரைந்துபோகிறது. இனி மாலையில் பயணம் என்றால் பாட்டு, பேச்சு, ஜன்னலில் நாய் காட்டுவது, எதைச் செய்தாவது விழிக்க வைக்க வேண்டும். இன்று பிந்தி எழட்டும் என்று விடவில்லை. ஏழு மணிக்கு எழுப்பினோம். விட்டிருந்தால் இன்றிரவும் போயிருக்கும்.

மூன்றாம் வாரம், வெள்ளி
முதல் நாள் முறைத்தவன், இப்போது காலை ஆட்டத்துக்குத் தானே கையைத் தூக்குகிறான். இன்று ஆபீசில் வேலை இழுத்துவிட்டது. வீட்டுக்கு வர 9.40. எட்டரைக்கு விளக்கை அணைத்ததும் அவரிடம் ஒரு கதை கேட்டுவிட்டு 9.05க்குத் தூங்கிவிட்டானாம். கதவருகில் நின்று பார்த்தேன், எழுப்பவில்லை. அத்தை எனக்குச் சோற்றை மூடி வைத்திருந்தார்.