மரியாதை இருக்கும் இடம்

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை. தாராபுரம், காங்கயம், சத்தியமங்கலம் எனச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து நாள்தோறும் நோயாளிகள் வந்து செல்லும் இடம். அங்கே நோயாளிகளின் வீட்டாருடன் தொலைபேசியில் பேசும் பணியில் ஒரு பெண் ஊழியர் இருந்தார். காங்கயத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர். அறுவைச் சிகிச்சைக்கான நாள் மாற்றப்படும்போது வீட்டாருக்குச் சொல்லவேண்டிய செய்தி, நிருவாகத்திலிருந்து ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்களாக வரும். அதைத் தமிழாக்கித் தாளில் எழுதி வைப்பதும், அதைப் பார்த்து வீட்டாரிடம் படிப்பதும் அவர் பொறுப்பு.

முதன்முறை அவர் எழுதிய தமிழ் இவ்வாறு அமைந்திருந்தது:

'மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், எதிர்பாராத சூழ்நிலைகளின் காரணமாக, வியாழக்கிழமை திட்டமிடப்பட்டிருந்த தங்களது அறுவைச் சிகிச்சை திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். முந்தைய நாள் இரவு பத்து மணிக்குப் பின் திட உணவு உட்கொள்வதைத் தவிர்க்குமாறு தாங்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். முந்தைய மருத்துவ ஆவணங்கள் அனைத்தையும் தயவுசெய்து உடன் கொண்டுவரவும். தங்களது மேலான ஒத்துழைப்பு பெரிதும் பாராட்டப்படும்.'

இதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த ஒரு சொல்லும் விடுபடவில்லை. ஆனால் அவர் இதைப் படித்த முதல் வீட்டிலேயே, 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்ற இடத்தில் மறுமுனையில் அழுகுரல் எழுந்தது. ஊர்ச் சுவரொட்டிகளில் இறப்புச் செய்தியோடு மட்டுமே அத்தொடரைக் கண்டு பழகியவர்கள் அவர்கள். மருத்துவமனையிலிருந்து வந்த அழைப்பில் அதைக் கேட்டால் வேறு என்னதான் நினைப்பார்கள்? நாள்தான் மாறியிருக்கிறது என்று விளக்கி முடிக்க ஊழியருக்கு நெடுநேரம் ஆயிற்று.

அன்று மாலையே அவர் தம் தாளைத் திருத்த உட்கார்ந்தார். கடினமான சொற்களை நீக்கி எளிய சொற்களை இட்டால் போதும் என்றே முதலில் எண்ணினார். 'அறுவைச் சிகிச்சை'யை 'ஆபரேசன்' ஆக்கினார். 'உட்கொள்வது' 'சாப்பிடறது' ஆயிற்று. படித்துப் பார்த்தபோது பேச்சுத்தமிழாக இருந்தது. ஆனால் மரியாதை போய்விட்டது; அதட்டுவதுபோல் ஒலித்தது. மரியாதையை மீட்பதற்காகத் 'தயவுசெஞ்சு' என்று இடையிடையே சேர்த்தார். அது இன்னும் கெட்டது. எழுத்தில் பணிவாகத் தோன்றும் அச்சொல், பேச்சில் கெஞ்சும்போதோ பொறுமை இழந்தபோதோதான் வரும். 'தயவுசெஞ்சு வழிய விடுங்க' என்பவரின் முகம் எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே போதும்.

மரியாதை, ஆங்கிலப் பத்தியில் இருந்த இடத்திலேயே தமிழிலும் இருக்கும் என்று தேடியதே இங்கு நேர்ந்த தவறு. அலுவலக ஆங்கிலத்தில் மரியாதை பெரும்பாலும் சுற்றிச் சொல்வதில் இருக்கிறது. 'சாப்பிடாதீர்கள்' என்று நேரே சொல்லாமல், தவிர்க்கும்படி கேட்டுக்கொள்ளப்படுவதாகச் சொல்வது அம்மொழியின் நயம். கேட்டுக்கொள்பவர் யார் என்பதைச் செயப்பாட்டுவினை மறைத்துவிடுகிறது. ஆணையின் கூர்மையும் அதனோடு மழுங்குகிறது. தமிழ்ப் பேச்சில் அந்த மறைப்புக்கு வேலை இல்லை. தமிழ்ப் பேச்சில் மரியாதை சொல்லின் ஈற்றில் இருக்கிறது.

ஒருவரைப் பன்மையால் சுட்டி உயர்த்துவது தமிழில் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியச் சொல்லதிகாரம் கிளவியாக்கத்தில் இதனை வழக்கில் வரும் உயர்சொல்லாகக் குறிக்கிறது. 'வாருங்கள்' என்பது 'வாங்க' என்றாவது இம்மரபின் தொடர்ச்சியே. அது தமிழகம் முழுவதற்கும் பொது. கொங்கு வழக்கு இதற்கு மேலும் ஒரு படி செல்கிறது. ஏவல்வினையில் மட்டுமன்றி, செய்தி சொல்லும் வாக்கியத்தின் முடிவிலும், தனிச் சொல்லின் பின்னும் 'ங்க' வந்து ஒட்டும். 'ஆமாங்க', 'இல்லீங்க', 'நாளைக்குங்க', 'எனக்குங்க' என்பன அவ்வாறு வருவன. 'மழை பெய்யுதுங்க' என்னும்போது மழைக்கு யாரும் மரியாதை செய்வதில்லை, கேட்பவருக்கே செய்கிறார்கள். பிற வட்டாரங்களிலும் இது கேட்கும். கொங்கில் மிகுதியாகக் கேட்கும்.

இது பிடிபட்டதும் ஊழியரின் பெரிய சிக்கல் ஒன்று தீர்ந்தது. மரியாதையை ஈறு சுமந்துகொள்வதால், வாக்கியம் நேராக இருக்கலாம். 'பத்து மணிக்கு மேல எதுவும் சாப்புடாதீங்க' என்பது முழுமையான தடை. கொங்குச் செவிக்கு அதில் மரியாதைக் குறைவு சிறிதும் இல்லை. 'தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்பதிலோ தடைதான் தெளிவாக இல்லை. விருப்பமிருந்தால் தவிர்க்கலாம் என்றும் ஒருவர் கொள்ளக்கூடும். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் அது மேலெழுந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. இங்குத் தெளிவை விட்டு மரியாதையைத் தேடுவது நோயாளிக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தமிழ்ப் பேச்சை மென்மையாக்கும் சொற்கள் வேறு சிலவும் உண்டு. அவற்றுள் 'கொஞ்சம்' முதன்மையானது. 'கொஞ்சம் நகருங்க', 'கொஞ்சம் இருங்க' என்பவற்றில் அது அளவைக் குறிப்பதன்று, பணிவைக் குறிப்பது. ஊழியர் அதையும் பயன்படுத்திப் பார்த்து உடனே அடித்துவிட்டார். 'கொஞ்சம் சாப்புடாதீங்க' என்று யாரும் பேசுவதில்லை. அப்படிச் சொன்னால் கேட்பவர் குழம்புவார். எதிர்மறை ஏவலோடு அச்சொல் சேராது. 'முடிஞ்சா எடுத்துட்டு வாங்க' என்பதில் வரும் 'முடிஞ்சா'வும் அப்படித்தான். பணிவாக ஒலிக்கும்; ஆனால் பழைய மருத்துவச் சீட்டுகளை வீட்டிலேயே விட்டுவரவும் இடம் கொடுத்துவிடும்.

அடுத்து 'எதிர்பாராத சூழ்நிலைகள்'. ஆங்கிலக் கடிதத்தில் இத்தொடர் கண்ணியமாகக் காரணத்தை மூடி வைக்கும். பேச்சில் அதே மூடல் ஐயத்தை வளர்க்கும். 'என்னமோ மறைக்கறாங்க' என்றே தோன்றும். காரணத்தை மொழிபெயர்ப்பவர் தாமாகக் கற்பித்துக்கொள்ளக் கூடாது. ஊழியர் நிருவாகத்தில் கேட்டார். அறுவை அரங்கில் இயந்திரப் பராமரிப்பு வேலை என்றும், அதைச் சொல்வதில் தடையில்லை என்றும் விடை வந்தது.

ஊழியர் எதிர்பாராத இடத்தில் இன்னொரு சொல் இடறியது. திருத்திய தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, தம் தாயிடம் படித்துக் காட்டினார். 'புரிஞ்சுதா?' என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாரும் ஆம் என்றே சொல்வார்கள். 'இப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டார். தாய் சொன்னார்: 'சோறு திங்கமாட்டேன். பசிச்சா கஞ்சி குடிச்சுக்குவேன்.'

திட உணவு என்றால் சோறு. கஞ்சியும் கூழும் மோரும் 'குடிப்பவை'. 'சாப்பிடாதீர்கள்' என்ற தடை அவற்றைத் தொடவே இல்லை. ஆங்கிலத்தில் எழுதியவருக்குக் கம்மங்கூழ் நினைவில் இருந்திருக்காது. மறுநாள் ஊழியர் மயக்கவியல் மருத்துவரிடம் சென்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கஞ்சி, கூழ், மோர், பால், பால் கலந்த தேநீர், காப்பி எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் அதிகாலை நான்கு மணிவரை குடிக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். ஆங்கிலப் பத்தியில் இல்லாத ஒரு வரி தமிழில் புதிதாக வந்தது. மூலத்துக்கு உண்மையாக இருப்பதற்கே அந்த வரி தேவைப்பட்டது.

யார் தொலைபேசியை எடுப்பார்கள் என்று தெரியாதபோது எப்படி விளிப்பது என்ற சிக்கலும் இருந்தது. 'ஐயா / அம்மையீர்' என்ற சாய்கோட்டை வாயால் படிக்க முடியாது. இதற்குக் கொங்கு வழக்கே வழிவிட்டது. ஆண், பெண், வயது என எதையும் கேளாத விளி ஒன்று அங்கே உண்டு: 'ஏனுங்க'. எடுத்தவர் யாரென்று தெரிந்த பின் ஐயா என்றோ அம்மா என்றோ மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு வரம்பையும் அவர் கண்டுகொண்டார். எல்லாச் சொல்லிலும் 'ங்க' ஒட்டினால் கேட்பவருக்குக் கேலியாகப் படும். திரைப்படங்களில் கொங்குப் பேச்சை நகைச்சுவைக்காக மிகைப்படுத்துவதும் இவ்வாறே. ஆகவே வாக்கியத்தின் முடிவில் ஒருமுறை போதும் என்று வைத்துக்கொண்டார். உடன் பணியாற்றிய வேற்று மாவட்டத்து ஊழியர் ஒருவருக்கு இந்த ஈறுகள் நாவில் படியவில்லை. அவரைக் கட்டாயப்படுத்தாமல், அவர் ஊர் வழக்கிலேயே 'வாங்க', 'சொல்லுங்க' என்று பேச விட்டார்கள். இரவல் வாங்கிய வழக்கைவிடச் சொந்த வழக்கில் மரியாதை நன்றாக ஒலிக்கும்.

இறுதித் தாள் இவ்வாறு அமைந்தது:

'ஏனுங்க, வணக்கமுங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேனுங்க. பயப்படற சேதி ஒண்ணுமில்லீங்க. வியாழக்கெழமை வெச்சிருந்த ஆபரேசனைத் திங்கக்கெழமைக்கு மாத்தியிருக்கோமுங்க. ஆபரேசன் ரூமுல மிசினு வேலை நடக்குது, அதனாலதானுங்க. உங்களுக்குச் செரமந்தான், கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழமை ராத்திரி பத்து மணிக்கு மேல எதுவும் சாப்புடாதீங்க. கஞ்சி, கூழு, மோரு, பாலு, டீ, காப்பி எதுவும் குடிக்கவும் வேண்டாமுங்க. வெறும் தண்ணி மட்டும் வெடியால நாலு மணி வரைக்கும் குடிக்கலாமுங்க. வயித்துல எதாச்சும் இருந்தா, மயக்க மருந்து குடுக்கறப்ப மூச்சுக்கொழாய்க்குப் போயிருமுங்க, அதுக்குத்தான் சொல்றது. பழைய சீட்டு, ஸ்கேனு, திங்கற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. வெடியால ஆறு மணிக்கு வந்துருங்க. சரீங்களா?'

'மேலான ஒத்துழைப்பு' என்ற வாக்கியம் இதில் இல்லை. அதன் வேலையை முடிவில் உள்ள 'சரீங்களா' செய்கிறது: கேட்பவரின் இசைவைக் கேட்கிறது, அவர் பேசவும் இடம் விடுகிறது. அடுத்த முறை இத்தாளைப் படித்தபோது அந்த இடத்தில்தான் ஒரு முதியவர் கேட்டார்: 'ஏனுங்க அம்மணி, காலையில திங்கற பிரசர் மாத்திரைய என்னுங்க பண்றது?'

ஊழியர், மருத்துவரிடம் கேட்டு உடனே திரும்ப அழைப்பதாகச் சொல்லி, அந்தக் கேள்வியைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.